‘197.5 தான்டி’ என்று தோழி அலுத்துக்கொள்கிறாள், நான் என்ன சொல்ல?

கேள்வி: நானும் என் தோழியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். “ஃபிசிக்ஸ்ல மூணு மார்க் போச்சுடி, கெமிஸ்ட்ரில ரெண்டு. கட்ஆஃப் 197.5 தான். யார் மூஞ்சியிலயும் முழிக்கவே பிடிக்கல” என்றாள். என் கட்ஆஃப் 178.5. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. “உனக்கென்னம்மா, நீதான் பெரிய ஆளாச்சே” என்று டைப் செய்து, அழித்துவிட்டு, கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன். மூன்று நாளாகிவிட்டது. அம்மா வேறு “அவ எவ்ளோ, அவ எவ்ளோ” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் என்ன எழுதினாலும் அதில் விஷம் இருக்கிற மாதிரியே படுகிறது. பொறாமையும் குத்தலும் இல்லாமல் மனசார எப்படிப் பதில் சொல்வது?

— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அழித்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதை அழித்தது நல்ல காரியம். ஏன் அழித்தீர்கள் என்று உங்களுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. “உனக்கென்னம்மா, நீதான் பெரிய ஆளாச்சே.” ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் அதில் திட்டு எதுவும் இல்லை. பெரிய ஆள் என்பது பாராட்டுதான். ஆனாலும் வாங்குகிறவருக்குக் குத்தும். நம் மொழியில் குத்தல் பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன ஒட்டுகளில்தான் ஒளிந்திருக்கும். ‘என்ன’, ‘தான்’, ‘ஆச்சே’ மூன்றையும் எடுத்துவிட்டால் “நீ பெரிய ஆள்” என்று ஒரு வரிதான் மிஞ்சும். அதை உங்களால் அவளுக்கு அனுப்ப முடியுமா? கூச்சமாக இருக்கும், ஆனால் முடியும். எழுதியதில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். ஒட்டுகளைக் கழற்றிவிட்டு ஒருமுறை படியுங்கள். கழற்றிய பிறகும் சொல்ல ஆசைப்படுகிற வரி உண்மையான வரி. கழற்றினால் சப்பென்று ஆகிவிடுகிறது என்றால், அதில் இருந்த சுவையே குத்தல்தான்.

இப்போது அவள் அனுப்பியதையும் அதே கண்ணோடு பார்ப்போம். “197.5 தான்.” அங்கேயும் ஒரு ‘தான்’ உட்கார்ந்திருக்கிறது. 200க்கு 197.5 வாங்கிவிட்டு ‘தான்’ போடுவது எதற்கு? பெருமையை நேராகச் சொல்லக் கூசுகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால் அங்கலாய்ப்பு என்ற துணியைச் சுற்றிக் கொடுக்கிறாள். இதை நாம் எல்லோரும் செய்கிறோம். “வீடு பெருசா கட்டிட்டோம், கூட்டித் துடைக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போகுது” என்று சொல்லாத அத்தை எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்?

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்லதை நேராகச் சொன்னால் கண்ணு படும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். பையன் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருப்பான், அம்மா “ஏதோ பாஸ் பண்ணிட்டான்” என்பார். கன்னத்தில் மையால் பொட்டு வைக்கிற மாதிரி, நல்ல செய்தியிலும் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துத்தான் நமக்கு வெளியே அனுப்பத் தெரியும். அப்படி வளர்ந்த பதினேழு வயதுப் பெண் “197.5! சூப்பர்ல?” என்று துள்ளிக் குதித்துச் சொன்னால் அவள் வீட்டிலேயே “அடங்கு” என்பார்கள். ஆகவே உங்கள் தோழி உங்களைச் சீண்டத்தான் இப்படிப் பேசினாள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

இப்படிப் பேசுவதை ஓவுல் செசர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் சோதனைகள் வைத்துப் பார்த்து 2018ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பேசுகிறவர் ஒரே வாக்கியத்தில் இரண்டு பொருளை வாங்கப் பார்க்கிறார்: கொஞ்சம் அனுதாபம், கொஞ்சம் மதிப்பு. கடைசியில் இரண்டும் கிடைப்பதில்லை. நேராகப் பெருமை பேசுகிறவரையும், வெறுமனே குறை சொல்லிப் புலம்புகிறவரையும்கூட கேட்கிறவர்கள் இவரைவிட அதிகமாக விரும்பினார்கள். காரணம், இது மனசிலிருந்து வரவில்லை என்று கேட்கிறவருக்குத் தோன்றிவிடுகிறது. உங்களுக்கு எரிச்சல் வந்ததில் பாதி இந்தக் கணக்கில் சேரும். அதை முழுக்கப் பொறாமைக் கணக்கில் எழுதிக்கொண்டு உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவள் அங்கலாய்ப்பு முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டும் என்று இல்லை. பொறியியல் கட்ஆஃபில் கணக்குப் பாடம் 100க்கு அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. கணக்கில் அவள் நூற்றுக்கு நூறு என்பது 197.5ஐப் பார்த்தாலே தெரிகிறது. ஃபிசிக்ஸில் போன மூன்று 1.5 ஆகிறது, கெமிஸ்ட்ரியில் போன இரண்டு 1 ஆகிறது, மொத்தம் 2.5. நமக்கு இது தூசு. ஆனால் அந்த உயரத்தில் ஒரே கட்ஆஃபில் நிறையப் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். அரை மார்க்கில் ரேங்க் கணிசமாக நகரும். சமமாக வந்தால் முதலில் கணக்கு மார்க், அடுத்து ஃபிசிக்ஸ் மார்க் என்று பார்த்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று இரண்டு வருடம் கனவு கண்ட பெண்ணுக்கு அந்த மூன்று மார்க் உண்மையிலேயே வலிக்கலாம். பெருமையும் நிஜம், வலியும் நிஜம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். உங்களுக்கு அவளைப் பிடிப்பதும் அவள் மார்க் உறுத்துவதும் ஒரே நேரத்தில் இருக்கிற மாதிரி.

சரி, உறுத்தலுக்கு வருவோம். பொறாமை இல்லாமல் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அது முழுக்கப் போன பிறகுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்தால் கவுன்சலிங் முடிந்து கல்லூரியே திறந்துவிடும். ஆப்ரஹாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நெருங்கியவர் ஒருவர் நம்மைவிட நன்றாகச் செய்யும்போது இரண்டில் ஒன்று நடக்கும். அவர் ஜெயித்தது நமக்குச் சம்பந்தமில்லாத துறை என்றால், “என் ஃப்ரெண்டாக்கும்” என்று நாமே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவோம். அதே ஜெயிப்பு நாமும் ஆசைப்பட்ட துறையில் என்றால் உறுத்தும். ஆள் எவ்வளவு நெருக்கமோ உறுத்தலும் அவ்வளவு அதிகம். உங்கள் தோழி மாவட்ட அளவில் கோகோவில் கோப்பை வாங்கியிருந்தால் முதல் ஸ்டேட்டஸ் நீங்கள்தான் வைத்திருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே பரீட்சை, ஒரே கவுன்சலிங், ஒரே பெஞ்ச். உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டச்சு மொழியில் பொறாமைக்கு இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ஒன்று, ‘அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்திருந்தால்’ என்கிற ஏக்கம். இன்னொன்று, ‘அவளுக்கும் கிடைக்காமல் போயிருக்கலாம்’ என்கிற எரிச்சல். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009ல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். நாம் இரண்டையும் பொறாமை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். உங்கள் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். அவளுக்கு மார்க் குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா, உங்களுக்குக் கூடியிருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா? கடிதத்தைப் படித்தால் எனக்கு இரண்டாவதுதான் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டே ஒருவரை மனசார வாழ்த்தலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

போதாததற்கு அந்த உறுத்தலில் ஒரு பங்கு அவளுடையதே இல்லை, உங்கள் அம்மாவுடையது. “அவ எவ்ளோ” என்று அம்மா கேட்கும்போது வருகிற கோபம் அம்மா மேல் பாயாமல், கையில் கிடைத்த தோழியின் மெசேஜ் மேல் பாய்கிறது. அந்தப் பேச்சை அம்மாவிடம் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். “அவ 197.5. நான் 178.5. எனக்கே கஷ்டமாத்தாம்மா இருக்கு. இன்னும் ஒரு வாரத்துக்கு அவ மார்க்க மட்டும் வீட்ல எடுக்காத.” நேராகச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், கோபம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெளிவாகிவிடும். அப்புறம் அது தோழியின் பதிலில் போய் ஒட்டாது.

இனி பதிலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய கட்டைவிரலை முதலில் பேசித் தீர்த்துவிடுகிறேன். ஷெல்லி கேபிள் என்பவர் 2004லிலிருந்து இதையே ஆராய்கிறார். நெருங்கியவர் நல்ல செய்தி கொண்டுவரும்போது நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதுதான் அவருடைய கேள்வி. தப்பான பதில் என்றதும் நமக்குக் குத்தலும் மட்டம் தட்டுவதும்தான் ஞாபகம் வரும். ஆனால் “ம், நல்லது” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வதையும், பேச்சை நம் பக்கம் திருப்பிக்கொள்வதையும் அவர் பயன்தராத பதில்களின் பக்கத்தில்தான் வைக்கிறார். எது பயன்படுகிறது என்றால், அந்தச் செய்திக்குள்ளே போய் ஒரு கேள்வி கேட்பது. எப்போது பார்த்தாய், யாரிடம் முதலில் சொன்னாய், அப்பா என்ன சொன்னார் என்று கேட்டு, அந்த நிமிஷத்தை அவர் இன்னொரு முறை வாழ இடம் கொடுப்பது. உங்கள் கட்டைவிரலில் குத்தல் இல்லை. ஆனால் ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு அது கதவைச் சாத்தின மாதிரி. அதனால்தான் அது உங்களையும் மூன்று நாளாக உறுத்துகிறது.

அவள் சொன்னது சுத்தமான நல்ல செய்தியும் இல்லை, அங்கலாய்ப்பில் சுற்றின நல்ல செய்தி. எதற்குப் பதில் சொல்வது, துணிக்கா உள்ளே இருப்பதற்கா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். துணிக்கு மட்டும் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் வெகு நல்லவன். நண்பன் “கெமிஸ்ட்ரி சொதப்பிடுச்சுடா, 196 தான்” என்றதும், இவன் அதை அப்படியே நம்பி ஒரு மணி நேரம் ஆறுதல் சொல்லியிருக்கிறான். “கவலைப்படாதடா, நல்ல காலேஜ் இல்லன்னா என்ன, இஞ்சினியரிங்கே வாழ்க்கை இல்லடா” என்றெல்லாம். நண்பன் மறுநாளிலிருந்து பேசவில்லை. இவனுக்கு ஏன் என்றே புரியவில்லை. 196ஐத் தோல்வி மாதிரி நடத்தினால் வாங்கினவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

துணியைக் கிழித்துக் காட்டினாலும் தப்பு. “சும்மா நடிக்காதடி, பெருமைக்குத்தானே சொல்ற” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிடிபட்டவள் மாதிரி அவள் கூனிக் குறுகி நிற்பாள். அப்படி நான் ஒருமுறை செய்திருக்கிறேன். எங்கள் காலத்தில் நுழைவுத்தேர்வும் உண்டு. ப்ளஸ் டூ 200, நுழைவுத்தேர்வு 100 என்று கட்ஆஃப் மொத்தம் 300க்கு. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி “293 தான் வந்துச்சு, அழுகையா வருது” என்றாள். “அப்ப எங்களையெல்லாம் என்னன்னு சொல்றது, நாங்க செத்துரலாமா?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். எந்தக் காலேஜில் சேர்ந்தாள் என்பதையே வேறு ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சிரித்துக்கொண்டே விலகிப் போனவளிடம் எதற்கென்று போய் மன்னிப்புக் கேட்பது?

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உள்ளே இருக்கிற நல்ல செய்தியைக் கையில் வாங்குங்கள். அதன் பிறகு அங்கலாய்ப்பை ஒரு கேள்வியாக்கித் திருப்பிக் கொடுங்கள். வாழ்த்தும்போது மார்க்கை வாழ்த்தாமல், அந்த மார்க்குக்குப் பின்னால் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். “வாவ், செம, கலக்கிட்ட, நீ வேற லெவல்” என்று அடுக்கினால், மனசில் இல்லாததை ஈடுகட்டத்தான் இத்தனை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அடுக்கு கூடக் கூடச் சந்தேகமும் கூடும். ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள். அவள் அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமல் இன்டெக்ரேஷன் போட்டுக்கொண்டிருந்தது, ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தது, இப்படி ஏதாவது. அந்த ஒரு வரி ரொம்ப நாள் நிற்கும். உங்களுக்கும் சுலபம், ஏனென்றால் அதில் நீங்கள் எதையும் நடிக்க வேண்டியதில்லை. பார்த்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

மூன்று நாள் தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். நெட் இல்லை, போன் ரிப்பேர் என்றால் கட்டைவிரல் மட்டும் எப்படி வந்தது என்று கேட்பாள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

“லேட்டா பதில் போடறேன், சாரிடி. கணக்குல நூத்துக்கு நூறு! சாப்பாட்டு பெல் அடிச்சப்புறமும் நீ நோட்ட மூடாம உக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு சந்தோஷமா இருக்கு. ஃபிசிக்ஸ் மூணு மார்க் எதுல போயிருக்கும்னு நெனைக்கற? ஆன்சர் பேப்பர் காப்பி வாங்கிப் பாக்கப் போறியா?”

இதில் ‘ஆனால்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். “சந்தோஷம், ஆனா எனக்குத்தான்...” என்று ஒரு ஆனா வந்துவிட்டால் முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துவிடும். உங்கள் மார்க்கும் இதில் இல்லை. “எனக்கெல்லாம் 178.5, நீ 197.5க்கு அழற” என்று சேர்த்தால் அவள் சந்தோஷப்படவும் முடியாது, வருத்தப்படவும் முடியாது. உங்களைச் சமாதானப்படுத்தும் வேலைதான் அவளுக்கு மிஞ்சும். தன்னைத் தாழ்த்திக்கொள்வது பணிவு மாதிரித் தெரியும். உண்மையில் அது பேச்சை நம் பக்கம் இழுத்துக்கொள்வதுதான். அவளுடைய செய்திக்கு ஒரு மெசேஜ் முழுசாகக் கொடுங்கள். உங்கள் செய்திக்கு வேறு நேரம் வரும்.

கடைசிக் கேள்வியை நான் சும்மா போடவில்லை. ரிசல்ட் வந்த பிறகு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். நகல் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். மூன்று மார்க் நிஜமாகவே வலிக்கிறது என்றால் அவள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்வாள். “ஆமாடி, ரே ஆப்டிக்ஸ் டெரிவேஷன்ல ஏதோ ஆயிருக்கும்னு தோணுது, காப்பி போட்டுப் பாக்கலாமா” என்று இறங்கிப் பேசுவாள். அப்போது கூட இருந்து பேசுங்கள், தேதி எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய அனுதாபம் கிடையாது. மாறாக, “அதெல்லாம் விடுடி, மெக்கானிக்கல் எடுக்கலாமா சிஎஸ் எடுக்கலாமான்னு பாத்துட்டு இருக்கேன்” என்று தாண்டிப் போனால், அங்கலாய்ப்பு வெறும் துணிதான் என்று தெரிந்துகொள்வீர்கள். தெரிந்துகொண்டதைச் சொல்லிக்காட்ட வேண்டாம். அவளுக்கு வேண்டியது அந்த நூத்துக்கு நூறு வரியிலேயே கிடைத்துவிட்டது. நீங்களும் பொய்யாக ஒரு துக்கம் விசாரிக்காமல் தப்பித்தீர்கள்.

எழுத்தில் அனுப்புவதா, குரலில் அனுப்புவதா? அவள் குரலில் அனுப்பியதால் குரலில் சொன்னால் நெருக்கமாக இருக்கும். ஆனால் தொண்டை அடைக்கிற நாளில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அன்றைக்கு எழுத்துதான் நல்லது. வகுப்பு குரூப்பில் மட்டும் போடாதீர்கள். குரூப்பில் எல்லோருடைய வாழ்த்தோடும் உங்களுடையதும் ஒரு வரியாகக் கரைந்துவிடும், தவிர அங்கே யாராவது உங்கள் மார்க்கையும் இழுப்பார்கள்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்து ஒரு வரிகூட வரவில்லை, மனசு அவ்வளவு கனமாக இருக்கிறது என்றால் நீளமாக முயற்சி செய்யாதீர்கள். “கேட்டேன்டி, நூத்துக்கு நூறு சந்தோஷம். ரெண்டு நாளா எனக்கு மனசு கொஞ்சம் சரியில்ல, நாளைக்கு நானே கூப்பிடறேன்” என்று போதும். இதுவும் மனசாரச் சொல்வதுதான். நாளைக்கு என்று சொன்னால் நாளைக்குக் கூப்பிடுங்கள், அதில் மட்டும் பிசகக் கூடாது.

இன்னொன்று. இது ஒரு தடவையோடு போனால் மேலே சொன்னது போதும். கவுன்சலிங், காலேஜ், ஹாஸ்டல், இன்டர்ன்ஷிப் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் இப்படியே அலுத்துக்கொண்டு சொன்னால், ஒவ்வொரு தடவையும் நீங்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்போது ஒரு நாள், மார்க் பேச்சு எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, டீ குடிக்கும்போதோ கோயிலிலிருந்து நடந்து வரும்போதோ, “எங்கிட்ட நேராவே சொல்லுடி. நல்லா வந்துச்சுன்னா நல்லா வந்துச்சுன்னு சொல்லு. நான் கண்ணு வைக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அந்தப் பொட்டை உங்கள் முன்னால் மட்டும் அழித்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கொடுக்கிற மாதிரி. சூடாக இருக்கிற நேரத்தில், அவள் மெசேஜ் அனுப்பின கையோடு சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

பதில் போய்ச் சேர்ந்ததும் அநேகமாக அவள் கேட்கப்போகிற அடுத்த கேள்வி, “உன் கட்ஆஃப் என்னடி?” மூன்று நாளாக அவளும் அதைக் கேட்கத் தயங்கிக்கொண்டு இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லவில்லை என்பதிலேயே அவளுக்கு ஏதோ புரிந்திருக்கும். அதனால்தான் ‘தான்’ கூட அவள் வாயில் வந்ததோ என்னவோ, உங்களுக்கு உறுத்தக் கூடாது என்று தன் மார்க்கைத் தானே கொஞ்சம் தட்டி வைத்திருக்கலாம். எதுவானாலும் கேட்டதும் சொல்லிவிடுங்கள். “178.5. கணக்குல இன்னும் வரும்னு நெனச்சேன், வரல. அண்ணா யுனிவர்சிட்டி கஷ்டம், கோயம்புத்தூர்ப் பக்கம் பாக்கலாம்னு இருக்கேன். சாய்ஸ் லிஸ்ட் போடும்போது கூட உக்காருறியா?” நம்பரோடு ‘தான்’ சேர்க்காதீர்கள்.